மங்குக்கு எது முதலில்: வெளுக்கும் க்ரீமா, சன்ஸ்கிரீனா?

கன்னத்திலும் நெற்றியிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழுப்பாகப் படரும் மங்குக்கு (மெலாஸ்மா) பெரும்பாலானோர் முதலில் வாங்குவது வெளுக்கும் க்ரீம்தான். கையில் ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் சன்ஸ்கிரீனை வாங்குங்கள் என்பேன்.

தோலில் நிறமி உண்டாக்கும் செல்கள் தேவைக்கு மேல் வேலை செய்வதால்தான் மங்கு வருகிறது. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் அவற்றை உசுப்பிவிடும். தினமும் தூண்டிக்கொண்டே இருப்பது வெளிச்சம். ஹைட்ரோகுயினோன் போன்ற மருந்து நிறமி உற்பத்தியைக் குறைக்கும், ஆனால் தூண்டுதலை நிறுத்தாது.

ஒரு பெண், டாக்டர் சொன்னபடி, மூன்று மருந்து கலந்த க்ரீமை இரவில் தடவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், லேசான ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். எட்டு வாரத்தில் கறை நன்றாகவே மங்குகிறது. சரி, போய்விட்டது என்று நிறுத்துகிறார். வெயிலுக்கு எதுவும் போடவில்லை. சில வாரங்களில் அதே இடத்தில், அதே வடிவில் கறை திரும்புகிறது. இந்த முறை டாக்டரிடம் போகாமல் அதே க்ரீமை மாதக்கணக்கில் தடவுகிறார். சிக்கல் அங்கேதான். ஸ்டீராய்டால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு ரத்தக்குழாய் இழைகள் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் எரியும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத க்ரீம்கள் இன்னும் மோசம். சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சன்ஸ்கிரீன் போட்டும் பலனில்லை என்பவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் அளவு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பலர் பட்டாணி அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் போட வேண்டும், ஏனென்றால் புற ஊதாக் கதிரில் ஒரு வகை கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும்.

அப்புறம், சன்ஸ்கிரீனிலேயே நிறமற்றது, தோல் நிறத்தில் இருப்பது என்று இரண்டு வகை உண்டு. மங்குக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, குறிப்பாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலில் மங்கு கூடச் செய்யும். நிறமற்ற சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப் 50 ஆனாலும் இந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுக்காது. நிறம் தருவதற்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு தடுக்கும். வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல் இருக்கட்டும்.

சன்ஸ்கிரீன் மட்டும் பழைய கறையை முழுதாக எடுத்துவிடாது. அதற்கு மருந்து வேண்டியிருக்கலாம். ட்ரெட்டினாயின் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் என்பதால், அப்போதும் சன்ஸ்கிரீன் கூடவே வேண்டும். கர்ப்ப காலத்தில் மங்கு வந்தால் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் தவிர்க்க வேண்டியவை. இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் அகலமான தொப்பியும் போதும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு அது தானாகவே மங்கும்.