மாத்திரையைத் தொடர்வதா, எட்டு வார வகுப்பா?

மனச்சோர்வு ஒருமுறை வந்து போனால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். மூன்று முறை வந்தவருக்கு இன்னும் அதிகம். அதனால்தான் நன்றாகத் தேறிய பிறகும் "இன்னும் இரண்டு வருஷமாவது மாத்திரையை நிறுத்தாதீங்க" என்கிறார் மருத்துவர். கேட்பவருக்குச் சலிப்புதான். எடை, தூக்கம், தாம்பத்தியம் என்று ஏதாவது ஒன்றில் மாத்திரை இடித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் யாராவது வந்து "மைண்ட்ஃபுல்னஸ் பண்ணுங்க, மாத்திரையே வேண்டாம்" என்றால் நம்பத்தான் தோன்றும்.

மைண்ட்ஃபுல்னஸ் என்பது இந்த நொடியில் மனதிலும் உடம்பிலும் நடப்பதை அப்படியே கவனிக்கப் பழகும் ஒரு தியானம். அது எதற்கெல்லாம் நல்லது என்று ஒரு நீளமான பட்டியல் சுற்றுகிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் சன்னமானது. மனச்சோர்வு திரும்பாமல் தடுப்பது என்ற ஒன்றில் மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், இதைக் கற்றுத்தரும் எட்டு வார வகுப்பு என்றால் என்ன? 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான் இதன் மூலம். ஸிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதை எடுத்து, எண்ணங்களின் போக்கை மாற்றப் பழக்கும் அறிவாற்றல் சிகிச்சையின் சில கூறுகளைச் சேர்த்து, மனச்சோர்விலிருந்து தேறியவர்களுக்கென்றே மாற்றியமைத்தார்கள். மைண்ட்ஃபுல்னஸ் சார்ந்த அறிவாற்றல் சிகிச்சை, சுருக்கமாக எம்.பி.சி.டி. என்கிறார்கள். வாரம் ஒருமுறை சுமார் இரண்டு மணி நேரம் குழுவாக உட்கார்வார்கள். வீட்டிலும் தினமும் பயிற்சி உண்டு.

உள்ளே நடப்பதற்கு ஓர் உதாரணம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு காட்சியைக் கற்பனை செய்ய வைப்பார்கள்: தெருவில் எதிரே தெரிந்தவர் ஒருவர் வருகிறார், நீங்கள் கை காட்டுகிறீர்கள், அவர் கவனிக்காமல் போய்விடுகிறார். மனதில் என்ன ஓடியது என்று பிறகு கேட்பார்கள். "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்பார் ஒருவர். "பாவம், அவருக்கு என்ன கவலையோ" என்பார் இன்னொருவர். நடந்தது ஒன்றுதான், மனம் கட்டிய கதைகள்தான் வேறு. முதல் வகைக் கதை ஓடத் தொடங்கும்போதே அதைக் கண்டுபிடித்து, அதன் பின்னால் போகாமல் மூச்சுக்கோ உடம்பின் உணர்வுக்கோ திரும்பி வருவதுதான் பயிற்சி. பழைய சோகம் லேசாகத் தலைகாட்டும்போது அதைச் சுற்றிச் சுற்றி யோசித்தே பெரிதாக்கிவிடும் பழக்கத்தை உடைப்பது நோக்கம். பத்து நாள் மௌன விபாசனா முகாமும் இதுவும் ஒன்றல்ல. இதற்குக் கிடைத்த ஆதாரத்தை அதன் கணக்கில் எழுதக் கூடாது.

முதல் பெரிய ஆய்வு 2000இல் வந்தது. 145 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, மறு பாதிக்கு அதோடு வகுப்பும். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில், வகுப்பு இல்லாத குழுவில் 66% பேருக்கு அது திரும்பியது, வகுப்புக்குப் போனவர்களில் 37% பேருக்கு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் இரண்டே முறை வந்தவர்களுக்கு வகுப்பால் எந்தப் பலனும் தெரியவில்லை. விளம்பரங்களில் முதல் எண் வரும், இந்தப் பின்குறிப்பு வராது.

அப்புறம் இதில் மாத்திரை எதிராளியே இல்லை. வகுப்பு மோதியது வழக்கமான கவனிப்போடு. அதாவது, பாதிப் பேர் கூடுதலாக எதுவும் பெறவில்லை. எட்டு வாரம் அன்பான ஆசிரியரோடும் தன்னைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பேரோடும் உட்கார்வதே பலன் தந்திருக்கலாம், தியானம் அல்ல. இந்தச் சந்தேகம் எளிதில் விடாது. திரும்ப வருகிறேன்.

மாத்திரையோடு நேரடி மோதல் 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டு, தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 424 பேர். பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறு பாதி வகுப்புக்குப் போய், குடும்ப மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு வருஷ முடிவில் வகுப்புக் குழுவில் 44% பேருக்கு நோய் திரும்பியிருந்தது, மாத்திரைக் குழுவில் 47% பேருக்கு.

இந்த இரண்டு எண்களையும் பார்த்ததும் "இரண்டும் சமம்" என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆய்வாளர்கள் சோதித்தது வேறு. வகுப்பு மாத்திரையைவிட மேலா என்று கேட்டார்கள், இல்லை என்று பதில் வந்தது. "மேல் என்று நிரூபிக்க முடியவில்லை" என்பது "சமம் என்று நிரூபணமாகிவிட்டது" ஆகாது. சமம் என்று காட்ட வேண்டுமானால் அதற்கென்றே ஆய்வை வேறு விதமாக அமைக்க வேண்டும். இன்னொன்று, எந்த வழியில் போனாலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு நோய் திரும்பியிருக்கிறது.

அதில் ஒரு ஓட்டையும் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு வகுப்புக்கும் போகாத மூன்றாவது குழு அங்கே இல்லை. அவர்களுக்கும் 45% என்றே வந்திருந்தால்? அப்போது மாத்திரை, வகுப்பு இரண்டுமே வேலை செய்யவில்லை என்றாகிவிடும்.

மூன்றாவது குழு வைத்த ஆய்வு ஒன்று 2010இல் சீகல் குழுவினர் டொரொன்டோவை மையமாக வைத்துச் செய்தது. மருந்தால் தேறிய 84 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: மாத்திரையைத் தொடர்பவர்கள், மாத்திரை நிறுத்தி வகுப்புக்குப் போகிறவர்கள், மாத்திரைக்குப் பதில் தங்களுக்குத் தெரியாமலே போலி மாத்திரை எடுப்பவர்கள். தேறும் காலத்தில் அறிகுறிகள் அவ்வப்போது எட்டிப் பார்த்தவர்களிடம் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மாத்திரையில் 27%, வகுப்பில் 28%, போலி மாத்திரையில் 71% பேருக்கு நோய் திரும்பியது. சீராகத் தேறியவர்களிடமோ மூன்று குழுவுக்கும் இடையே வித்தியாசமே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான், ஆனால் 84 பேரை மூன்றாகப் பிரித்து, பிறகு இரண்டாகவும் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் பதினைந்து பேர் போல்தான் மிஞ்சுவார்கள். அதில் இரண்டு பேருக்கு நோய் வந்தாலும் வராவிட்டாலும் சதவீதம் எங்கோ போய்விடும்.

இப்போது அந்தப் பழைய சந்தேகம். வேலை செய்வது தியானமா, குழுவா? 2014இல் வெளியான இன்னொரு ஆய்வில் வில்லியம்ஸ் குழுவினரே அதைச் சோதித்தார்கள். தன் படைப்பைத் தானே பிரித்துப் பார்க்கும் நேர்மை எல்லோருக்கும் வராது. 274 பேர். ஒரு குழுவுக்கு முழு வகுப்பு. இன்னொன்றுக்கு அதே மாதிரி எட்டு வாரம், அதே பாடங்கள், தியானம் மட்டும் கிடையாது. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. நோய் திரும்பியவர்கள் முறையே 46%, 50%, 53%. புள்ளிவிவரக் கணக்குப்படி மூன்றும் ஒன்றுதான்.

ஆனால் சிறுவயதில் கொடுமைகளை அதிகம் அனுபவித்தவர்களை மட்டும் தனியே எடுத்தபோது கதை மாறியது: 41%, 54%, 65%. ஆக, தியானம் எல்லோருக்கும் சமமாகக் கை கொடுப்பதில்லை, பழைய காயம் ஆழமாக உள்ளவர்களுக்கு அதிகம் கொடுக்கலாம். உபகுழுவை வெட்டி எடுத்துக் கண்டது என்பதால் "கொடுக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர்களைத்தான் தியானம் சில நேரம் தடுமாற வைக்கிறது. அமைதியாக உட்கார்ந்து உடம்பைக் கவனிக்கச் சொன்னால் பழைய நினைவுகள் மேலே வரும், பதற்றம் கூடும், சிலருக்குத் தன் உடம்பே தன்னுடையது இல்லை என்பது போல் இருக்கும். மாத்திரை ஆய்வுகளில் பக்கவிளைவுகளைக் கேட்டுக் குறிப்பது கட்டாயம். தியான ஆய்வுகளில் பல காலம் யாரும் கேட்கவே இல்லை. கேட்காததால் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் "பக்கவிளைவே இல்லாதது" என்று பெயர்.

பதற்ற நோய்களுக்கும் ஒரு நேரடி மோதல் உண்டு. அமெரிக்காவில் 276 பேரிடம் செய்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் கபாட்-ஜின்னின் எட்டு வாரப் பயிற்சி, மறுபக்கம் எஸ்சிடாலோப்ராம் மாத்திரை. இது "மாத்திரைக்குக் குறைந்ததல்ல" என்று காட்டுவதற்காகவே அமைத்த ஆய்வு, காட்டவும் செய்தது. மாத்திரைக் குழுவில் 78.6% பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு, பயிற்சிக் குழுவில் 15.4%. இங்கேயும் போலி மாத்திரைக் குழு இல்லை. தனக்கு எது கிடைத்தது என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தியான ஆய்வுகள் எல்லாவற்றையும் பிடித்த நோய் இது. தியானம் செய்வதுபோல் ஏமாற்றும் போலித் தியானத்தை உருவாக்குவது லேசில்லை.

இந்த எட்டு வார வகுப்பை விட்டு வெளியே வந்தால் நிலம் சட்டென்று இளகிவிடுகிறது. இங்கிலாந்தில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மைண்ட்ஃபுல்னஸ் பாடம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. தியானத்தால் மூளையே மாறுகிறது என்ற படங்கள் 2011இல் வந்த ஓர் ஆய்வால் பிரபலமாயின. அந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் 16 பேர். 2022இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் அதைத் திரும்பச் செய்தபோது எட்டு வாரத்தில் மூளை அமைப்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை. செயலியில் தினமும் பத்து நிமிஷம் கேட்பதற்கு மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது.

சரி, யாருக்கு எது? ஒருமுறையோ இரண்டு முறையோ வந்தவர் மாத்திரைக்குப் பதிலாக வகுப்பை நம்ப ஆதாரம் போதாது. இப்போது மனச்சோர்வின் நடுவில் இருப்பவருக்கு இந்த எண்கள் எதுவுமே சொல்லவில்லை, ஏனென்றால் ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் தேறியவர்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ வந்து, இப்போது தேறி, மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு வகுப்பு நியாயமான தேர்வு. மாத்திரை ஒத்துக்கொள்கிறது, தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்க முடியாது என்றால் மாத்திரையைத் தொடர்வதில் எந்தக் குறையும் இல்லை.

வகுப்பில் சேர்வதானால் நடத்துபவரிடம் கேட்க மூன்று விஷயங்கள் உண்டு. மனச்சோர்வு கண்டவர்களோடு வேலை செய்த மருத்துவப் பின்னணி அவருக்கு உண்டா? சேர்வதற்கு முன் உங்கள் பழைய கதையைத் தனியே உட்கார்ந்து கேட்பாரா? நடுவில் யாருக்காவது பதற்றம் கூடினால் என்ன செய்வார்? மாத்திரையைப் பற்றியும் பேச்சைக் கிளப்பிப் பாருங்கள். "உங்க டாக்டரிடம் பேசிவிட்டு மெதுவாகக் குறைக்கலாம்" என்றால் அவரிடம் சேரலாம். "முதல் நாளே தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றால் கட்டணத்தைக் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.