கடைசி அசையும் தகரக் கூரையும்

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

ஜெர்மன் மொழி பி2 நிலைத் தேர்வில் கேட்டல் பகுதியில் நூற்றுக்கு 67 வாங்கிவிட்டேன். மற்ற மூன்று பகுதிகளையும் முதல் முயற்சியிலேயே தாண்டியவள், இந்த ஒன்றுக்காக மட்டும் மூன்று முறை கோத்தகிரியிலிருந்து சென்னைக்குப் போனேன். முதலில் 53, அடுத்து 57. மொத்தம் முப்பது கேள்விகள், தேறுவதற்கு 60 வேண்டும். அந்த 57 என்பது ஒரே ஒரு கேள்வியில் கோட்டை விட்டது. அன்று இரவு மேட்டுப்பாளையம் வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை.

எங்கள் வார்டில் வேலை செய்யும் தோழி, உங்களிடம் சேரலாமா என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

உங்கள் வகுப்பறையின் தகரக் கூரையை நான் மன்னிக்கவே போவதில்லை. ஐப்பசி மழையில் ஒலிப்பதிவு பாதிதான் காதில் விழும். ஹெட்ஃபோன் கேட்டால், "தேர்வு அறையில் ஒலிபெருக்கிதான்" என்பீர்கள். மழை அடங்கும்வரை நிறுத்தவும் மாட்டீர்கள். இரண்டு வருடமும் இதே கதை. கட்டணம் மட்டும் ஒரு மாதமும் தாமதிக்கக் கூடாது!

ஆனால் அந்த ஒரு வாக்கியம். "இஷ் ஸாகெ ஈனென் ஃப்யூர் மோன்டாக்" என்பதோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். கடைசியில் "ட்சூ" வந்தால் திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொள்கிறார். "அப்" வந்தால் வரவில்லை என்கிறார். முழு வாக்கியமும் அந்த ஒற்றை அசையில் தொங்குகிறது. நானோ "ஸாகெ" காதில் விழுந்த உடனே 'சொல்கிறார்' என்று முடிவுகட்டி, விடைத்தாளில் குறித்துவிடுவேன். ஒரே முறை ஒலிக்கும் உரையாடல்களில் அப்படித்தான் மதிப்பெண்கள் போயின.

"பாட்டி போனில் 'நாளைக்கு ஊட்டிக்கு வர' என்று இழுத்தால், 'வருகிறேன்' என்பாரா, 'வரமாட்டேன்' என்பாரா என்று காத்திருக்கிறாய் அல்லவா? அந்தக் காதை இங்கே கொண்டு வா" என்றீர்கள். பென்சிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டீர்கள். பேசுபவர் வாக்கியத்தை முடித்த பிறகுதான் கையில் தருவீர்கள். ஆங்கிலத்தில் படித்துப் படித்து, வினையை முன்னாலேயே தேடும் பழக்கம் வந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பழக்கம் விட்டுப்போக நான்கு மாதம் ஆனது.

மூன்றாம் முறை தேர்வில் ஒருவர் மருத்துவரிடம் நேரம் வாங்கியதைப் பற்றிப் பேசினார். விடை தெரிந்துவிட்டது போலிருந்தது. பென்சிலைக் கீழே வைத்தேன். கடைசியில் "அப்" என்று வந்தது, வெளியே மழையும் இல்லை, தெளிவாகக் கேட்டது. அந்த நிமிடத்தில் உங்கள் தகரத்தை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

தோழியிடம் "சேராதே, காது வலிக்கும்" என்றுதான் சொன்னேன். அன்று இரவுப் பணி முடித்த எரிச்சல். அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை வருகிறாள். ஜன்னலோர நாற்காலியில் ஒழுகுகிறது, அங்கே மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி