11 வருடத் தலைவலியும் 6 வாரத் தலைவலியும்

ஒரே நாள் காலையில் இருவர் வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் 34 வயதுப் பெண். கல்லூரியை முடித்த வருடத்திலிருந்து, அதாவது 11 வருடமாகத் தலைவலி. "உள்ள கட்டி ஏதும் இருக்குமோன்னு ராத்திரி தூக்கமே வரல டாக்டர்" என்றார். அடுத்தவர் மளிகைக் கடை வைத்திருக்கும் 56 வயதுக்காரர். "லேசாத்தான் வலிக்குது, இவதான் பிடிவாதமா கூட்டிட்டு வந்தா" என்று மனைவியைக் கைகாட்டினார். அவருக்கு 6 வாரமாகத்தான் வலி.

எனக்குக் கவலை தந்தவர் இரண்டாமவர்.

"இவ்வளவு வருஷமா வலிக்குதே" என்பதுதான் அந்தப் பெண்ணின் பயம். ஆனால் அவ்வளவு வருடம் என்பதே அவருக்குச் சாதகமான சாட்சி. மண்டை ஓட்டுக்குள் கூடுதல் இடம் கிடையாது. வளர்கிற கட்டி பதினோரு வருடம் வலியை மட்டும் தந்துவிட்டுச் சும்மா இருப்பது மிக அரிது. கை, கால், பேச்சு, பார்வை என்று எதையாவது தொட்டுவிடும். அவருக்கோ அதே பாதித் தலை, அதே விண்விண் தெறிப்பு. வெயிலில் அலைந்தாலும் சாப்பாடு தள்ளிப்போனாலும் வரும், இருட்டறையில் படுத்தால் ஒரு நாளில் அடங்கும். நடுவில் முழுக்க நலமாக இருக்கும் நாட்களும் உண்டு. இது ஒற்றைத் தலைவலி. மளிகைக்காரருக்கு இந்த வயது வரை தலைவலியே தெரியாது. புதிதாக வந்தது வாரத்துக்கு வாரம் கூடுகிறது. குனிந்து மூட்டையை நகர்த்தினால், இருமினால் இன்னும் கூடுகிறது.

வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்துப் பிரிக்க முயன்றால் ஏமாந்துபோவோம். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றிய உறையும் ரத்தக் குழாய்களும் இழுபடும்போதுதான் வலிக்கும். அதனால் பெரிய கட்டியும் மந்தமாக வலிக்கலாம். "காலையில் வலியும் வாந்தியும் வந்தால் கட்டி" என்று பலரும் நம்புவதும் பாதிதான் உண்மை. ஃபோர்சைத், போஸ்னர் என்ற இரு மருத்துவர்கள் 1993-ல் மூளைக் கட்டி உள்ள 111 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் தலைவலியே இருந்தது. அவர்களிலும் அந்தக் காலை நேர வலி 17 சதவீதத்தினருக்குத்தான். பெரும்பாலோருக்குச் சாதாரண இறுக்கத் தலைவலி போலவே இருந்தது. ஒற்றைத் தலைவலியிலும் வாந்தி வரும், விடிகாலையில் எழுப்பிவிடும்.

ஆகவே வலியை விட்டுவிட்டு, கூட வேறென்ன வந்திருக்கிறது என்று கேட்பேன். மளிகைக்காரரின் மனைவி சொன்னார்: "நடக்கும்போது இடது செருப்பு கழண்டுடுது, அது தெரியாமலே போய்க்கிட்டிருக்காரு." கண்ணை மூடி இரு கைகளையும் உள்ளங்கை மேலாக நீட்டச் சொன்னேன். இடது கை மெல்ல உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. பெரியவர்களுக்கு முதல்முறையாக வரும் வலிப்பு, சொல் தடுமாறுவது, நாளுக்கு நாள் மாறும் சுபாவம், ஏற்கெனவே மார்பிலோ நுரையீரலிலோ புற்றுநோய் இருந்தது ஆகியவையும் இந்தப் பட்டியல்தான். வலிப்புக்கு நம் ஊரில் நாடாப்புழுக் கட்டியும் காசநோய்க் கட்டியும் காரணமாகலாம். எதுவானாலும் ஸ்கேன் தேவை. திடீரென ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி வேறு கதை. அது ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இருவரையும் கண் மருத்துவரிடம் அனுப்பினேன். சொட்டு விட்டு, பார்வை நரம்பின் முனையைப் பார்ப்பது சில நிமிட வேலை. உள்ளே அழுத்தம் கூடினால் அந்த வட்டத்தின் விளிம்பு வீங்கி மங்கலாகும். மளிகைக்காரருக்கு இரு கண்ணிலும் வீக்கம். பெண்ணுக்கு விளிம்பு கூர்மையாக இருந்தது. வீக்கம் இல்லாததால் மட்டும் கட்டி இல்லை என்றாகாது. வீக்கம் இருந்தால் கட்டிதான் என்றுமில்லை, மூளைச் சிரை அடைப்பாகவும் இருக்கலாம். ஆனால் வீக்கம் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

அன்றே அவருக்கு மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலப்பக்க மூளை உறையில் கட்டி, மெனிஞ்சியோமா. மூளையின் வலப்பக்கம்தான் இடது காலை ஆள்கிறது, செருப்பு சரியாகவே சொல்லியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கடைக்கு வருகிறார்.

அந்தப் பெண் தனக்கும் ஸ்கேன் கேட்டார். நான் எழுதித் தரவில்லை. சம்பந்தமில்லாத ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அதுவே அடுத்த பத்து வருடத் தூக்கத்தைக் கெடுக்கும். அவர் டைரியில்தான் விஷயம் இருந்தது: கலவை வலி மாத்திரை, மாதம் 20 நாள். மாதம் 10 நாளுக்கு மேல் இப்படியே மூன்று மாதம் போனால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வெறும் பாராசிட்டமால் என்றால் அந்தக் கணக்கு 15 நாள். நிறுத்திய முதல் வாரம் வலி கூடித் திட்டினார். வேறு தடுப்பு மருந்தோடு மூன்றாம் மாதம் நான்கு நாளாகக் குறைந்தது. வலியின் குணம் மாறினாலோ, கை கால் தடுமாறினாலோ தேதி பார்க்காமல் வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஸ்கேன் எழுதித் தருவேன்.