துயரில் கேட்கும் பாட்டு: நினைவுக்காகவா, வரிகளுக்காகவா, அழகுக்காகவா?

மனம் உடைந்திருக்கும்போது உற்சாகப் பாட்டைக் கேட்டால் பெரும்பாலும் எரிச்சலே மிஞ்சுகிறது. சோகப் பாட்டு அப்படியல்ல; நம் மனம் நடக்கும் வேகத்திலேயே அதுவும் நடப்பதால், உடன் ஒருவர் பேசாமல் அமர்ந்திருப்பது போன்ற ஆறுதல் கிடைக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் செய்யப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்விலும், சோக இசை தங்களை அமைதிப்படுத்துவதாலேயே அதைத் தேர்ந்தெடுத்ததாக அவர்கள் கூறினர்.

ஆனால் எந்தச் சோகப் பாட்டு என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அன்னமீகே வான் டென் டோல், ஜேன் எட்வர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள், துயரமான சூழலில் மக்கள் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களை ஒப்பிட்டபோது, அழகுக்காகத் தேர்ந்தெடுப்பது மட்டுமே மனநிலை மேம்படுவதோடு நேரடியாகத் தொடர்புற்றிருந்தது. நினைவுகளுக்காகத் தேர்ந்த பாட்டில் அந்தப் பலன் தென்படவில்லை.

காதல் முறிந்த ஒருவர் இரவில் தனியே அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். இருவரும் ஒரு பயணத்தில் ஒரே இயர்போனைப் பகிர்ந்து கேட்ட பாட்டை அவர் போட்டால், இரண்டாவது வரி வருவதற்குள் காது இசையை விட்டுவிடுகிறது; மனம் அந்தப் பயணத்துக்கும், அங்கிருந்து கடைசிச் சண்டைக்கும் போய்விடுகிறது. பிரிவைச் சொல்லும் வரிகளுக்காக வேறொரு பாட்டைப் போட்டால், தன் வேதனைக்குச் சொற்கள் கிடைத்து அழுகை வருகிறது. முதல் இரண்டு முறை அது நல்லதே. பத்தாவது முறை கேட்கும்போதோ, அந்த வரியே தன் வாழ்க்கைக்கு எழுதப்பட்ட தீர்ப்பாகத் தோன்றத் தொடங்குகிறது. மாறாக, பழைய நினைவு எதுவும் ஒட்டாத, மெதுவான ஒரு புல்லாங்குழல் இசையைக் கேட்டால், அடுத்த சுரம் எங்கே இறங்கும் என்று காது பின்தொடர்கிறது. சோகம் போய்விடவில்லை என்றாலும், அதைச் சற்றே விலகி நின்று பார்க்க இடம் கிடைக்கிறது.

ஆகவே ஆறுதல் வேண்டுமானால் மூன்றாவதையே நான் பரிந்துரைப்பேன். இறந்தவரின் நினைவோடு சிறிது நேரம் இருக்க விரும்புவோருக்கு நினைவுப் பாட்டுக்குத் தனி இடமுண்டு; அதனிடம் மனத்தெளிவை எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

தேர்வு சரியா என்பதைப் பாட்டு முடிந்த பிறகு வரும் அமைதியில் கண்டுகொள்ளலாம். மூச்சு நீண்டு, தோள் தளர்ந்து, தண்ணீர் குடிக்கவோ படுக்கவோ தோன்றினால் அந்தப் பாட்டு உதவியிருக்கிறது. “எனக்கு மட்டும் ஏன்?” என்ற அதே கேள்வி சுழல, விரல் மீண்டும் தொடக்கத்துக்கே போனால், அன்றைக்கு அந்தப் பாட்டை நிறுத்திவிடுவது நல்லது. இரண்டு வாரங்களுக்கு மேலும் இதே நிலை நீடித்து, தூக்கமும் பசியும் குறைந்தால், பாட்டை மாற்றிப் பயனில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.