மண்சட்டியும் மூன்று அளவுப் பெட்டிகளும்: இரண்டு வருட அனுபவம்

மானாமதுரைச் சட்டிகளை வாங்கி ஊர் ஊராகக் கூரியரில் அனுப்புகிறேன். அதிகம் போவது ஒரே அளவுதான்: 22 செ.மீ. அகலம், மூடியோடு 15 செ.மீ. உயரம், எடை ஒன்றரை கிலோ. இந்த ஒரு சட்டிக்காக இரண்டு வருடத்தில் மூன்று அளவுப் பெட்டிகள் மாற்றிவிட்டேன்.

ஆரம்பத்தில் பயம்தான் அளவை முடிவு செய்தது. சுற்றிலும் 5 செ.மீ. இடம் விட்டு, பெட்டிக் கடையில் 32×32×25 உள்ளளவு சொல்லி ஐந்து பிளையில், அதாவது ஐந்து அடுக்கு அட்டையில் அடித்து வாங்கினேன். உள்ளே கசக்கிய செய்தித்தாள். எல்லாம் சேர்த்து வீட்டுத் தராசில் 2.4 கிலோ. பில் வந்தது 6 கிலோவுக்கு! தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கே போனேன். பார்சல் எடுக்க வரும் தம்பிதான், "அக்கா, எடையைவிடப் பெட்டி பெருசா இருந்தா பெட்டிக்குத்தான் காசு" என்று விளக்கினார்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருவது பெட்டியின் கொள்ளளவு எடை. அதற்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம். அதையும் அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றிவிடுவார்கள். (வகுக்கும் எண் எல்லா இடத்திலும் 5000 இல்லை. நான் அனுப்பும் நிறுவனத்தில் அதுதான்.) கடைக்காரர் சொல்வது உள்ளளவு, கூரியர்காரர் அளப்பது வெளியளவு. ஐந்து பிளை அட்டை அரை செ.மீ. தடிமன். பக்கவாட்டில் ஒரு செ.மீ. கூடும், மேலும் கீழும் மடிப்பு இரண்டிரண்டாக விழுவதால் உயரத்தில் இரண்டு செ.மீ. கூடும். ஆக 33×33×27. பெருக்கி வகுத்தால் 5.88 கிலோ, அதாவது 6. எனக்கு அரை கிலோவுக்கு 35 ரூபாய் வீதம், ஒரு சட்டிக்கு 420 ரூபாய். சட்டியின் விலையே 450தான்.

உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மூன்று பிளை அட்டை, சுற்றிலும் ஒன்றரை செ.மீ. மட்டும். மூடியைக் கவிழ்த்து, குமிழ் சட்டிக்குள் போகும்படி வைத்ததில் உயரம் 12 ஆனது. பில் 2.5 கிலோவுக்கு இறங்கியது. அந்த மாதம் அனுப்பிய இருபதில் நான்கு உடைந்தன. படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நான்கிலும் விரிசல் விளிம்பில், பெட்டிச் சுவரின் நடுப்பகுதிக்கு நேராக. யோசித்தால் புரிகிறது. வட்டச் சட்டி சதுரப் பெட்டியில் நாலு சுவரின் நடுவில்தான் நெருங்குகிறது. மூலைகளில் வேண்டிய இடம் இருக்கிறது. நான் மூலையில் தாளைத் திணித்துவிட்டு, நடுவில் ஒற்றை பபிள் ஷீட்டோடு விட்டிருந்தேன்.

இப்போது ஒன்றரை வருடமாக ஓடுவது மூன்றாவது பெட்டி: மூன்று பிளை, வெளியளவு 28×28×19. கணக்கு 2.98 கிலோ, கட்டணம் 3 கிலோவுக்கு, 210 ரூபாய். சுவருக்கும் சட்டிக்கும் மூன்று செ.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளி. அதில் பழைய அட்டையை நறுக்கிச் சுருட்டி வைக்கிறேன். செய்தித்தாள் லாரிக் குலுக்கலில் அமுங்கிவிடும். போய்ச் சேரும்போது சட்டி ஆடும். சட்டிக்குள்ளேயும் தாளை இறுக்கமாக அடைக்கிறேன். அது பெட்டியைப் பெரிதாக்காது, மூடியையும் அசையவிடாது. விரிசல் விட்ட ஒரு சட்டியை இப்படிக் கட்டி இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி பலமுறை போட்டுப் பார்த்தேன். விரிசல் நீளவில்லை.

இன்னொன்று, குறைப்பதென்றால் குட்டையான பக்கத்தில் குறைக்க வேண்டும். முதல் பெட்டியில் உயரத்தில் ஒரு செ.மீ. என்றால் 33×33, அதாவது 1089 கன செ.மீ. போகும். நீளத்தில் அதே ஒரு செ.மீ.க்கு 891தான். அந்தப் பெட்டிக் கணக்கில், மூடியைக் கவிழ்த்ததில் கிடைத்த மூன்று செ.மீ. மட்டுமே அரை கிலோவுக்கு மேல் மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. 2.98 என்பது விளிம்பில் நிற்கிற கணக்கு. மேல்மூடி ஒரு செ.மீ. உப்பினால் உயரம் 20 ஆகி 3.14 வரும், பில் 3.5க்குத் தாவிவிடும். அதனால் டேப் ஒட்டியதும் மேலே ஒரு ஸ்கேலைக் கிடத்திப் பார்ப்பேன். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் பிரித்து, கொஞ்சம் தாளை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவேன். அவசரத்தில் இதை விட்ட நாட்களில் 35 ரூபாய் கூடுதலாகத்தான் வந்திருக்கிறது. உடைந்தது இந்தப் பெட்டியில் இதுவரை இரண்டு. ஒன்றில் பெட்டியே ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. மழைக்காலத்தில் இப்போது வெளியே ஒரு பிளாஸ்டிக் கவர் போடுகிறேன்.