தேதிக் கணக்கு நிரலும் 1900-இல் முளைத்த பிப்ரவரி 29-உம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குத் தேதிக் கணக்கு நிரல் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள், ஒரு தேதி என்ன கிழமை என்பதை நொடியில் சொல்லிவிடும். வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. நூற்றாண்டு வருடங்களில்தான் வழுக்கியது.

1900 பிப்ரவரி 28-ஆம் தேதிப் பதிவில் மையால் 'புதன்' என்று எழுதியிருந்தது. நிரல் செவ்வாய் என்றது. எழுதியவரின் கைப்பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மார்ச் 1 முதல் எல்லாப் பதிவுகளும் பொருந்தின, அதற்கு முந்தியவை எல்லாம் ஒரு நாள் பிசகின. பதிவெழுதியவர்கள் அத்தனை பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் திருந்தியிருக்க மாட்டார்கள். மார்ச் 1 வியாழனிலிருந்து பின்னோக்கி எண்ணிய நிரல், இல்லாத பிப்ரவரி 29-க்குப் புதன்கிழமையைத் தாரை வார்த்திருந்தது.

மூல நிரலைத் திறந்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது:

```
if y % 4 == 0:
    return True
elif y % 100 == 0:
    return False
elif y % 400 == 0:
    return True
return False
```

விதிகள் மூன்றும் இருக்கின்றன, வரிசைதான் தலைகீழ். 100-ஆல் வகுபடும் எந்த எண்ணும் 4-ஆலும் வகுபடும் என்பதால், 1900 முதல் வரியிலேயே லீப் ஆண்டாகி வெளியேறிவிடுகிறது. அடுத்த இரண்டு நிபந்தனைகளும் ஒருநாளும் நிறைவேறாத அலங்காரம். 2000-ஐக் கொடுத்துச் சோதித்தாலும் பிழை சிக்காது, ஏனெனில் விடை தற்செயலாகச் சரியாக வரும். 1901 முதல் 2099 வரை 4-ஆல் வகுபட்டாலே லீப் ஆண்டு. அன்றாடப் பயன்பாட்டில் யாருக்கும் சந்தேகம் எழ வழியில்லை.

அடுத்த பதிப்பில் திருத்தம் வந்தது, பாதியளவில். 100-ஐப் பார்க்கும் வரியை மட்டும் உச்சிக்கு ஏற்றியிருந்தார்கள். 1900 சரியானது, 2000 கெட்டது: 400-ஐப் பார்ப்பதற்கு முன்பே 'இல்லை' என்ற விடை வந்துவிட்டது. 2000 பிப்ரவரி 29-இல் பிறந்தவரின் பதிவைத் 'தவறான தேதி' என்று திருப்பியடித்தது. ஓசையில்லாமல் கிழமையை மாற்றியதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன். குறைந்தது கத்தியாவது காட்டியது. அதற்குப் பிறகுதான் 400, 100, 4 என்று, அரிதான விதிவிலக்கு முதலில் வரும் வரிசைக்கு வந்தார்கள்.

இப்போது புதிய பதிப்பு எது வந்தாலும் 1900, 2000 இரண்டையும் சேர்த்தே கொடுத்துப் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் பார்த்தால் மேலே சொன்ன இரண்டு தவறுகளில் ஒன்று தப்பிவிடும். நிரலைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் பதிப்பில் கணக்கிட்டுச் சேமித்த எண்கள் தாமாகத் திருந்தா. 1900 பிப்ரவரி 15 முதல் மார்ச் 15 வரை 28 நாட்கள். பழைய கோப்பில் 29 என்று இருக்கும். அந்தப் பிப்ரவரிக் கடைசியைத் தாண்டும் கணக்குகளையும், அதற்கு முந்திய கிழமைகளையும் மறுபடி ஓட்டித்தான் ஆக வேண்டும்.