கிண்ணத்திலேயே உறைந்த தயிரா, கலக்கிய தயிரா?

ஒரு லிட்டர் பாலை 85 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 43 டிகிரிக்கு ஆறவிட்டு உறை ஊற்றினேன். பாதியைக் கிண்ணங்களிலும் மீதியை ஒரு பாத்திரத்திலும் உறையவிட்டேன். ஆறு மணி நேரத்தில் இரண்டும் நன்றாக உறைந்துவிட்டன. கிண்ணங்கள் அப்படியே ஃப்ரிட்ஜுக்குப் போயின. பாத்திரத்தில் இருந்ததைச் சூட்டோடு சூடாகக் கரண்டியால் கலக்கிய பிறகு வைத்தேன். மறுநாள் கிண்ணத் தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்க முடிந்தது. கலக்கியது ஊற்றும் பதத்தில், நாக்கில் லேசாக மணல் போலத் தட்டியது.

சுவையில் பெரிய வேறுபாடு இல்லை. எல்லாமே பதத்தில்தான். பால் புளிக்கப் புளிக்க, அதில் மிதக்கும் கேசின் புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் தன்மையை இழந்து ஒட்டத் தொடங்குகின்றன. பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது அவை சங்கிலி சங்கிலியாகக் கோத்து ஒரு வலையாகிவிடும். பாலில் பெரும்பகுதி தண்ணீர். அதை ஓடவிடாமல் பிடித்து வைப்பது இந்த வலைதான். பாலை அவ்வளவு நேரம் சூடாக்குவதும் இதற்காகத்தான்: மோர்ப்புரதங்கள் விரிந்து கேசினோடு சேர்ந்து வலையைத் தடிப்பாக்குகின்றன.

கலக்கும்போது சங்கிலிகள் அறுந்து, வலை சின்னச் சின்னக் கட்டிகளாகச் சிதறுகிறது. கட்டிகளுக்குள் இருக்கும் நீர் அங்கேயே இருக்கும். இடையில் விடுபட்ட நீரில் அவை நழுவி ஓடும். குளிரில் வைத்தால் அந்தக் கட்டிகள் கொஞ்சம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் முதல் வலை மெதுவாக, துகள் துகளாகக் கட்டப்பட்டது. இந்த ஒட்டு அதற்கு ஈடாகாது. பழைய கெட்டி முழுதாகத் திரும்பாமல் போவது அதனால்தான்.

என் தப்பு சூட்டில் கலக்கியது. இளஞ்சூட்டில் புளிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். உடைந்த கட்டிகள் சுருங்கி நீரைக் கக்கும், நறநறப்பும் வரும். அடுத்த முறை 20 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் மெதுவாகக் கிளறி, பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தேன். வழவழப்பாக, ஓரளவு கெட்டியாக வந்தது. முழுக்கச் சில்லிட்ட பிறகு கலக்கினாலும் நஷ்டம்தான். மறுபடி ஒட்டிக்கொள்ள, மேலும் குளிரும் அவகாசம் அதற்குக் கிடைக்காது. பால் பவுடர் சேர்த்தால் புரதம் கூடி இரண்டு வகையும் கெட்டியாகும். சில வகை பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான சர்க்கரைச் சேர்மத்தைச் சுரந்து கலக்கிய தயிரைக் காப்பாற்றும். அப்படிப்பட்ட உறையை நான் ஒருமுறைதான் பயன்படுத்தினேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, பழத்துண்டோ பழக்கூழோ சீராகச் சேர வேண்டுமானால் கலக்கியதுதான் வசதி. கிண்ணத் தயிரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாலும் ஆபத்து, குலுங்கினால் விரிசல் விட்டு நீர் கசியும். கரண்டியால் தோண்டிய குழியிலும் சற்று நேரத்தில் தண்ணீர் தேங்கும். எனக்கு அது பரவாயில்லை. வெறும் தயிராகச் சாப்பிடுகிற நாளில் கிண்ணத்தில்தான் உறை ஊற்றுகிறேன்.